நாள் 0-விலிருந்து எழுதுங்கள்: அரிதான மருந்து விளைவு பற்றிய கேஸ் ரிப்போர்ட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டமேற்படிப்பு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேஸ் ரிப்போர்ட் வரைவுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. நோயாளிக்கு என்ன நடந்தது என்பது விரிவாக இருக்கும். அது அந்த மருந்தால்தான் நடந்தது என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. அதே வரைவில் அனுமதிக்கப்பட்ட தேதி, ஊர், உள்நோயாளி எண் எல்லாம் தெளிவாக இருக்கும். வேண்டியது இல்லாமலும் வேண்டாதது நிறைந்தும் இருக்கும் இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்துதான். மருந்து தொடங்கிய நாளை ‘நாள் 0’ என்று வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து எண்ணுங்கள். மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு அதில் வெளிப்படும். நோயாளியைக் காட்டிக்கொடுக்கும் தேதிகளும் மறைந்துபோகும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். நோயாளி இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்தவர். அவருக்கு ஏற்படும் விளைவு மருத்துவ இலக்கியத்தில் உண்மையாகவே பதிவானது. 57 வயதுப் பெண்மணி. இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. இட்ராகோனசோல் 200 மி.கி. தினமும் ஒரு வேளை எழுதித் தரப்படுகிறது. மூன்று வாரம் கழித்துக் கால் வீங்குகிறது. ஐந்தாவது வாரத்தில் படி ஏற முடியாமல் தொடைகள் தளர்ந்து மருத்துவமனைக்கு வருகிறார். இரத்த அழுத்தம் 172/98. பொட்டாசியம் 2.7.

இது போலி ஆல்டோஸ்டீரோன் மிகை எனப்படும் நிலை. ஆல்டோஸ்டீரோன் அதிகமாகச் சுரந்தது போல உடல் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் கொட்டும். ஆனால் இரத்தத்தில் பார்த்தால் ஆல்டோஸ்டீரோன் குறைவாகவே இருக்கும். சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை இட்ராகோனசோல் தடுக்கிறது. செயலிழக்காத கார்டிசால் ஆல்டோஸ்டீரோனுக்குரிய ஏற்பியில் போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்கிறது. அதே நொதியைத் தடுக்கும் இன்னொரு பொருள் நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுதும் வரிசையும் அச்சில் வரும் வரிசையும் வேறு

கேஸ் ரிப்போர்ட்டுக்கான ‘கேர்’ நெறிமுறைகள் 2013-இல் வெளியாயின. பல இதழ்கள் அந்தப் பட்டியலை நிரப்பித் தரச் சொல்கின்றன. தலைப்பு, முக்கியச் சொற்கள், சுருக்கம், அறிமுகம், நோயாளி விவரம், பரிசோதனையில் கண்டவை, காலவரிசை, நோய் கண்டறிதல், சிகிச்சை, தொடர் கண்காணிப்பு, விவாதம், நோயாளியின் பார்வை, ஒப்புதல் என்று அது போகும். மருந்துப் பாதகவிளைவு பற்றிய அறிக்கைகளில் என்ன விவரம் இருக்க வேண்டும் என்று 2007-இல் தனியாகவும் ஒரு சர்வதேச நெறிமுறை வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையிலேயே எழுத உட்காராதீர்கள். அறிமுகத்தில் தொடங்குபவர் பூஞ்சைத் தொற்றின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் களைத்துப்போவார். முதலில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு காலவரிசை, அதன் பின் நோயாளி விவரம், விவாதம், அறிமுகம் என்று வாருங்கள். சுருக்கமும் தலைப்பும் கடைசி. ஒப்புதலை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எழுதி முடித்த கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப் போகும் மருத்துவருக்கு ‘வேண்டாம்’ என்ற பதிலைக் கேட்கும் மனம் இருப்பதில்லை.

ஒப்புதல்: எப்போது, யார், எந்த மொழியில்

மருத்துவமனையில் சேரும்போது வாங்கும் கையெழுத்து சிகிச்சைக்கானது. வெளியிடுவதற்கு அது செல்லாது. இதழ்கள் வெளியீட்டுக்கான தனி எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்கும், சில இதழ்கள் தங்கள் சொந்தப் படிவத்தைத்தான் ஏற்கும். அதனால் எந்த இதழுக்கு அனுப்பப் போகிறோம் என்பதை ஓரளவு முடிவுசெய்துகொண்டு அதன் படிவத்தைப் பாருங்கள். உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவிடமும் கேட்டுவிடுங்கள். ஒற்றை நோயாளி அறிக்கைக்கு முழு ஒப்புதல் வேண்டுமா, விலக்குக் கடிதம் போதுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நெறிமுறைக் குழு தருவது ஒன்று, நோயாளி தருவது வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

அனுமதிக்கப்பட்ட அன்றைக்கே கேட்காதீர்கள். பொட்டாசியம் 2.7 என்று படுத்திருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். குணமாகி முதல் மறுபரிசோதனைக்கு வரும் நாள் சரியான நேரம். கூடுமானால் அவருக்குச் சிகிச்சை தந்த தலைமை மருத்துவர் கேட்காமல் குழுவில் வேறொருவர் கேட்கட்டும். ‘பெரிய டாக்டர் கேட்கிறாரே’ என்ற தயக்கத்தில் போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல முடியாது.

படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு ‘விளக்கினோம்’ என்று எழுதுவது நோயாளியைக் கௌரவிக்கும் செயல் அல்ல. இதழின் படிவத்தை மொழிபெயர்த்து, இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், சிகிச்சைக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருந்து, முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகு நோயாளியின் கைநாட்டும் சாட்சியின் கையெழுத்தும் பெற வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர். நோயாளி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினர்.

நான் பேசும் விதத்தை அப்படியே தருகிறேன். “அம்மா, உங்களுக்கு வந்தது அந்தப் பூஞ்சை மாத்திரையால் அபூர்வமாக வரும் பிரச்சினை. மற்ற மருத்துவர்கள் தெரிந்துகொள்வதற்காக ஒரு மருத்துவ இதழில் எழுத நினைக்கிறோம். உங்கள் பெயர், ஊர், முகம் எதுவும் இருக்காது. ஆனாலும் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் படித்தால், இது நீங்கள்தான் என்று ஊகிக்க வாய்ப்பு உண்டு. அது இல்லவே இல்லை என்று என்னால் உறுதி தர முடியாது. இணையத்தில் வந்துவிட்டால் உலகத்தில் யாரும் படிக்கலாம். பிறகு திரும்ப எடுக்க முடியாது. அச்சுக்குப் போவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது. வீட்டில் பேசிவிட்டு அடுத்த முறை சொல்லுங்கள்.”

கடைசி வரி முக்கியம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர அவகாசம் கொடுங்கள். படங்களுக்கு ஒப்புதல் தனி வரியில் இருக்கட்டும். எழுத்துக்குச் சம்மதித்துப் படத்துக்கு மறுப்பவர்கள் உண்டு. கையெழுத்திட்ட படிவம் நோயாளியின் பெயரைத் தாங்கியது, ஆகவே அது மருத்துவமனைக் கோப்பில் இருக்க வேண்டியது. இதழ் தன் விதிப்படி கேட்டாலொழிய அனுப்ப வேண்டாம். கட்டுரையில் ‘வெளியீட்டுக்கு நோயாளியிடமிருந்து எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறப்பட்டது, படிவம் ஆசிரியர்களிடம் உள்ளது’ என்ற வரி போதும்.

காலவரிசை: கட்டுரையின் முதுகெலும்பு

இப்போது நம் பெண்மணியின் கோப்பை எடுத்து நாள் எண்ணில் எழுதுவோம்.

நாள் −60: நீரிழிவுக்கான வழக்கமான பரிசோதனை. பொட்டாசியம் 4.3, இரத்த அழுத்தம் 128/80. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறார்.
நாள் 0: இட்ராகோனசோல் 200 மி.கி. தினம் ஒரு வேளை தொடக்கம்.
நாள் 24: இரு கால்களிலும் வீக்கம்.
நாள் 33: தொடைத் தளர்ச்சி, அனுமதி. அழுத்தம் 172/98, பொட்டாசியம் 2.7, பைகார்பனேட் 32. ரெனின், ஆல்டோஸ்டீரோனுக்கு இரத்தம் எடுத்த பிறகு சிகிச்சை தொடக்கம். இட்ராகோனசோல் நிறுத்தம்.
நாள் 33–38: பொட்டாசியம் ஏற்றப்படுகிறது.
நாள் 33–40: ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி.
நாள் 54: எந்த ஆதரவு மருந்தும் இல்லாமல் பொட்டாசியம் 4.1, அழுத்தம் 134/82. மெட்ஃபார்மின் மட்டும் தொடர்கிறது.
நாள் 82: ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் இயல்பு.

இந்த எட்டு வரிகளில் நாள் −60-ஐத்தான் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் உயர் இரத்த அழுத்தமும் பொட்டாசியக் குறைவும் மாத்திரைக்கு முன்பே இருந்தனவா என்று கேட்கும் மதிப்பாய்வாளருக்குப் பதில் சொல்ல முடியாது. பழைய சீட்டுகளைத் தேடுங்கள். நோயாளி வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பார்.

அடுத்து, மருந்தை நிறுத்தியதும் சரியானது என்று எழுதும் இடம். நாள் 38-இல் பொட்டாசியம் 3.8 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மருந்து நிறுத்தி ஐந்து நாளில் சீரானது’ என்று எழுதத் தோன்றும். அது சரியல்ல. அந்த ஐந்து நாளும் பொட்டாசியம் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள், ஸ்பைரோனோலாக்டோனும் கொடுத்தீர்கள். எது சீராக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும் இட்ராகோனசோல் நிறுத்திய உடனே உடலைவிட்டுப் போவதில்லை. இரத்தத்தில் ஏறக்குறைய காணாமல்போக 7 முதல் 14 நாள் ஆகும். நம் கணக்கில் அது நாள் 40-க்கும் 47-க்கும் இடையில். அதற்குப் பிறகு, எல்லா ஆதரவு மருந்தையும் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, நாள் 54-இல் எடுத்த அளவுதான் சாட்சி. ரெனின் அளவுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் உயர்த்தும், அதன் தாக்கம் நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கும். அதனால்தான் நாள் 82.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. கேஸ் ரிப்போர்ட் எழுதும் எண்ணம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்தால் பாதிச் சாட்சி கைநழுவியிருக்கும். சந்தேகம் எழுந்த அன்றே சிகிச்சைக்கு முன் ரெனின் குழாயை நிரப்பிவிட வேண்டும்.

வேறு காரணங்கள்: இங்கே நேரம் செலவிடுங்கள்

நோய் கண்டறிதல் பகுதியில் செய்த பரிசோதனைகளையெல்லாம் அட்டவணையாகக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு பரிசோதனையும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியும்படி எழுதுங்கள். பொட்டாசியம் எங்கே போகிறது? வாந்தியும் வயிற்றுப்போக்கும் இல்லை. 24 மணி நேரச் சிறுநீரில் 58 மில்லிமோல். இரத்தத்தில் இவ்வளவு குறைவாக இருக்கும்போது சிறுநீரகம் பிடித்துவைத்திருக்க வேண்டும், ஆனால் கொட்டுகிறது. அட்ரினல் கட்டியா? அப்படியானால் ஆல்டோஸ்டீரோன் அதிகமாக இருக்கும். சிறுநீரகத் தமனி அடைப்பா? ரெனின் அதிகமாக இருக்கும். இவருக்கு இரண்டுமே குறைவு. கால் வீக்கம் இதயச் செயலிழப்பாலா? இட்ராகோனசோல் இதயத்தின் சுருங்கும் திறனைக் குறைக்கக்கூடியது என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது, எக்கோ இயல்பு. இவர் ஏற்கெனவே அம்லோடிபின் எடுப்பவராக இருந்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இட்ராகோனசோல் அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும், அதனாலேயே கால் வீங்கலாம்.

படர்தாமரை நோயாளியிடம் கட்டாயம் கேட்க வேண்டியது ஸ்டீராய்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. களிம்பின் பெயர், எத்தனை நாள், எவ்வளவு இடத்தில் பூசினார் என்று பதிவுசெய்து, காலை கார்டிசால் அளவையும் எழுதுங்கள்.

கடைசியாக அதிமதுரம். இட்ராகோனசோல் தடுக்கும் அதே நொதியை அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசினும் தடுக்கிறது. அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் வரும் படமும் இதேதான்: வீக்கம், உயர் அழுத்தம், பொட்டாசியக் குறைவு, ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் தாழ்வு. ஆய்வகத்தில் இரண்டையும் பிரிக்க உங்களிடம் வழி இருக்காது. கேள்வி ஒன்றுதான் வழி.

“வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் பதில் “இல்லை” என்றுதான் வரும். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் வேர்த்துண்டை யாரும் மருந்து என்று எண்ணுவதில்லை. இப்படிக் கேளுங்கள்: “சளி, இருமல் வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்? நாட்டு மருந்துக் கடையில் கடைசியாக என்ன வாங்கினீர்கள்? கஷாயப் பொடியில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள்?” பொடியையும் சிரப் பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லிச் சேர்மானப் பட்டியலை நீங்களே படியுங்கள். பிறகு கட்டுரையில், ‘அதிமதுரம் அடங்கிய நாட்டு மருந்து, சிரப், மிட்டாய் எதுவும் கடந்த மூன்று மாதத்தில் எடுக்கவில்லை என்று நோயாளியும் மகளும் தனித்தனியாகக் கூறினர்’ என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த விளைவைப் பற்றிய ஒரு கட்டுரையில் இதைவிட மதிப்புள்ள வரி இல்லை என்பது என் கருத்து.

அவர் சாப்பிட்டிருக்கிறார் என்றால்? மறைக்காதீர்கள். கட்டுரை முடிந்துபோகவில்லை, வேறு கட்டுரையாகிறது: ஒரே நொதியைத் தாக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்த கதை. தலைப்பிலேயே இரண்டையும் சொல்லுங்கள்.

நரஞ்ஜோ அளவுகோலைக் கணக்கோடு காட்டுங்கள்

1981-இல் வெளியான நரஞ்ஜோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். மொத்தம் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி, 5 முதல் 8 வரை நிகழ்தகவு அதிகம், 1 முதல் 4 வரை சாத்தியம், 0 அல்லது கீழே என்றால் ஐயம். ‘நரஞ்ஜோ மதிப்பெண் 7’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. படிப்பவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை.

நம் நோயாளிக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பே இப்படிப் பதிவாகியிருக்கிறது, 1. மருந்துக்குப் பிறகு வந்தது, 2. நிறுத்தியதும் குணமானது, 1. மீண்டும் கொடுத்துப் பார்க்கவில்லை, 0. வேறு காரணம் இல்லை, 2. மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்க்கவில்லை, 0. இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கவில்லை, 0. மருந்தளவை மாற்றிப் பார்க்கவில்லை, 0. இதே வகை மருந்துக்கு முன்பு விளைவு வந்ததில்லை, 0. புறச் சான்றால் உறுதியானது, 1. மொத்தம் 7, அதாவது நிகழ்தகவு அதிகம்.

இப்போது அதிமதுரக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று வையுங்கள். ஐந்தாம் கேள்விக்கு ‘தெரியவில்லை’, 2-க்குப் பதில் 0, மொத்தம் 5. சாப்பிட்டிருந்தார் என்றால் அதே கேள்விக்கு −1. மொத்தம் 4, வெறும் ‘சாத்தியம்’. ஒரு வேர்த்துண்டு கட்டுரையின் முடிவையே மாற்றுகிறது. இந்தக் கணக்கைத் துணை அட்டவணையாகக் கொடுத்தால் மதிப்பாய்வாளர் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பார்.

மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அது கட்டுரைக்காக நோயாளியைத் துன்புறுத்துவது. ‘நிகழ்தகவு அதிகம்’ என்பதே நல்ல கட்டுரைக்குப் போதுமான முடிவு.

மருந்தின் விவரமும் அரசுக்குத் தெரிவிப்பதும்

மருந்தின் பொதுப்பெயரோடு வணிகப் பெயர், தயாரிப்பாளர், வடிவம், தொகுதி எண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இட்ராகோனசோலில் இது வெறும் சடங்கு அல்ல. காப்ஸ்யூலின் உள்ளிருக்கும் துகள்களின் அமைப்பைப் பொறுத்து உடலில் சேரும் அளவு மாறும். உணவோடு சாப்பிட்டாரா, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கூட எடுத்தாரா என்பதும் அப்படியே.

கட்டுரை அனுப்புவதற்கு முன், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் பாதகவிளைவுப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். 2010-இல் தொடங்கிய இத்திட்டத்தின் தேசிய மையம் காசியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம். பல மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையம் இருக்கிறது; இல்லாத இடத்தில் 1800-180-3024 என்ற இலவச எண் உண்டு. அனுப்பியதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லுங்கள். மருந்து நிறுவனங்கள் இதழ்களைத் தேடி இத்தகைய அறிக்கைகளைத் தரவுத்தளத்தில் சேர்க்கின்றன. ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டது என்று குறிப்பிடாவிட்டால் ஒரே பெண்மணி இரண்டு நோயாளிகளாக எண்ணப்படலாம்.

அடையாளத்தை நீக்குதல்

பெயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உள்நோயாளி எண், முகவரி, தொலைபேசி, தேதிகள், சிகிச்சை நடந்த வார்டு எல்லாம் போக வேண்டும். தேதிகளை நாள் எண் ஏற்கெனவே விழுங்கிவிட்டது. ஊரை மாநிலம் அல்லது நாட்டளவுக்கு உயர்த்துங்கள். தொழில், சாதி, மதம், பிள்ளைகள் எண்ணிக்கை ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்த மருந்து விளைவைப் புரிந்துகொள்ள இது வேண்டுமா? நம் பெண்மணி கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிறார் என்று வையுங்கள். பொட்டாசியத்துக்கும் பூக்கடைக்கும் தொடர்பில்லை; ஆனால் ‘57 வயது, பூக்கடை, கால் தளர்ந்து விழுந்தவர்’ என்றால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். தனித்தனியே தீங்கில்லாத மூன்று விவரங்கள் சேரும்போதுதான் ஆள் தெரிகிறார்.

நீக்கலாம், பொதுமைப்படுத்தலாம், மாற்றக் கூடாது. அடையாளத்தை மறைக்கிறேன் என்று 57-ஐ 49 ஆக்குவதும், பெண்ணை ஆணாக்குவதும் பொய்த் தரவு. வயது சிறுநீரகத்தின் செயல்பாட்டோடும் மருந்து வெளியேறும் வேகத்தோடும் தொடர்புள்ளது. ‘ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த பெண்’ என்று எழுதினால் உண்மையும் நிற்கும், ஆளும் மறைவார்.

படங்களில்தான் அதிகம் தவறுகிறோம். நான் எழுதிய முதல் கேஸ் ரிப்போர்ட்டில் ஒரு முன்கையின் படம் இருந்தது. தடிப்புகள் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தோம். மணிக்கட்டின் ஓரத்தில் பச்சை குத்திய பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் இருந்தன. எங்கள் நால்வர் கண்ணிலும் படவில்லை, மதிப்பாய்வாளர் கண்டுபிடித்தார். அந்தப் படம் வெளியாகியிருந்தால் அந்தப் பெண்ணின் கணவர் பெயர் உலகத்துக்கே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் நான்கு மடங்கு பெரிதாக்கி, மூலைகளிலிருந்து நடுப்பகுதிக்குப் பார்ப்பது என் வழக்கம். பச்சை, தாலி, மோதிரம், கையில் கட்டிய கயிறு, படுக்கை விரிப்பில் அச்சிட்ட மருத்துவமனைப் பெயர் எல்லாம் பேசும். முகப்படத்தில் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது போதாது என்று சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

நம் கட்டுரைக்கு இரண்டு படம் போதும்: பொட்டாசியக் குறைவைக் காட்டும் இ.சி.ஜி., வீங்கிய கால். இ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்தில் பெயர், எண், நேரம் அச்சாகியிருக்கும். அதை வேர்டில் வைத்து ஓரத்தை வெட்டினால் கண்ணுக்குத்தான் மறையும். வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும், இதழ்க்காரர் இழுத்துப் பார்த்தால் திரும்ப வரும். மேலே கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தாலும் அதே கதைதான். வெட்ட வேண்டியதைப் படம் திருத்தும் செயலியில் வெட்டிப் புதிய கோப்பாகச் சேமித்து, அதன் பிறகே வேர்டில் சேருங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டால் Compress Pictures என்பதில் Delete cropped areas of pictures என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கைபேசியில் எடுத்த கால் படத்தின் கோப்புக்குள் எடுத்த தேதி, நேரம் இருக்கும், பல சமயம் இடமும் இருக்கும். அதை நீக்க எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது.

```
exiftool -all= -overwrite_original padam2.jpg
```

`-overwrite_original` என்பதை விட்டுவிட்டால், பழைய விவரங்களோடு கூடிய படம் `padam2.jpg_original` என்ற பெயரில் அதே கோப்புறையில் தங்கிவிடும். கோப்புறையை அப்படியே சுருக்கி அனுப்புபவர் அதையும் சேர்த்து அனுப்பிவிடுவார். கோப்பின் பெயரில் நோயாளியின் பெயரோ எண்ணோ இருக்கக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஒரு கோப்பு என் மின்னஞ்சலுக்கு வருகிறது. கட்டுரைக் கோப்பையும் ஒருமுறை Inspect Document மூலம் துப்புரவு செய்யுங்கள். பழைய கருத்துக் குறிப்புகளில் ‘இவர் பெயர்தானே?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

விவாதம், அறிமுகம், தலைப்பு

விவாதத்தை மூன்று பத்தியில் முடிக்கலாம். முதலில், இது இட்ராகோனசோலால் என்று ஏன் நம்புகிறோம், எதிர்வாதம் எது. இரண்டாவதாக, எப்படி நிகழ்கிறது: நொதி, கார்டிசால், ஏற்பி. இதே போன்ற நிலை போசகோனசோலிலும் வரும். ஆனால் அது பெரும்பாலும் அட்ரினலில் உள்ள வேறொரு நொதியைத் தடுக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லி, உங்கள் நோயாளியிடம் எது நடந்தது என்று நேரடியாக அளக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மூன்றாவதாக, அளவு மீறாமல் ஓர் அறிவுரை. ‘இட்ராகோனசோல் எடுப்பவர் அனைவருக்கும் வாரந்தோறும் பொட்டாசியம் பார்க்க வேண்டும்’ என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. ‘கால் வீக்கமோ புதிய உயர் அழுத்தமோ வந்தால், அம்லோடிபினோ ஃபுரோசமைடோ சேர்ப்பதற்கு முன் பொட்டாசியத்தைப் பார்க்கலாம்’ என்று சொல்ல முடியும். ஃபுரோசமைடு பொட்டாசியத்தை இன்னும் இறக்கும் என்பதால் இது பயனுள்ள வரி.

‘உலகிலேயே முதல்’ என்ற சொல்லைத் தொடாதீர்கள். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால், எந்தத் தேதி வரை தேடினீர்கள் என்று எழுதுங்கள். அறிமுகத்துக்கு ஐந்தாறு வாக்கியம் போதும். தலைப்பில் மருந்து, விளைவு, ‘கேஸ் ரிப்போர்ட்’ என்ற சொல் ஆகிய மூன்றும் இருக்கட்டும்: ‘படர்தாமரைக்கு இட்ராகோனசோல் எடுத்த நோயாளியிடம் போலி ஆல்டோஸ்டீரோன் மிகை: ஒரு கேஸ் ரிப்போர்ட்’. புதிர் போடும் தலைப்புகள் தேடுபவர் கண்ணில் படாமல் போய்விடும்.

அனுப்புவதற்கு முந்தைய நாள்

நோயாளியை அழைத்து அவருடைய பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். படங்களைக் காட்டுங்கள். “உங்கள் பக்கத்து வீட்டார் இதைப் படித்தால் நீங்கள்தான் என்று தெரிந்துகொள்வார்களா?” என்று கேளுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் அவருக்குத் தெரியும். நோயாளியின் பார்வை என்ற பகுதியையும் அப்போதே அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிவிடலாம். மாத்திரை தொடங்கி எத்தனை நாளில் செருப்பு இறுக்கமானது என்று அவர் சொல்லும் கணக்கு, கோப்பில் இருக்கும் நாள் 24-ஐவிடத் துல்லியமாகவும் இருக்கலாம். அப்படியானால் காலவரிசையைத் திருத்துங்கள்.

அவர் கிளம்பும்போது ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுங்கள். அதில் பெயர் முழுமையாக இருக்கட்டும், ‘இட்ராகோனசோல் எடுக்கும்போது பொட்டாசியக் குறைவும் உயர் இரத்த அழுத்தமும் ஏற்பட்டன, மீண்டும் தர வேண்டாம், போசகோனசோலிலும் எச்சரிக்கை, அதிமதுரம் தவிர்க்கவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கட்டும். படர்தாமரை திரும்பத் திரும்ப வரும் நோய். அடுத்த முறை அவர் வேறொரு மருத்துவரிடம் போகும்போது உங்கள் கட்டுரை அந்த மேசையில் இருக்காது. அட்டை அவர் பையில் இருக்கும்.